நிக்கோபார் கள ஆய்வும் தமிழ்ப் பணி வரையறையும்

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அந்தமான்-நிக்கோபார் தீவுகளின் 3,80,581 மக்களுள் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1964-ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்பாட்டின்படி தாயகம் திரும்பியோரில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. எனவே, தலைநகரத்திலிருந்து வரும் ஆலோசனை நிறுவனம் ஒன்று வாழ்வாதாரம் பற்றிய ஆய்வை ஏற்று, அதன் களப்பணியைத் தீவிலுள்ள தமிழர் அமைப்பு ஒன்றிடம் ஒப்படைப்பது இயல்பாக நிகழக்கூடியதே. அப்போது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பணி வரையறை தமிழில் தரப்படுகிறது. ‘பொருள் வேறுபாடு எழுந்தால் ஆங்கில வாசகமே செல்லும்’ என்ற ஷரத்தும் பெரும்பாலும் அதில் இருக்கும். ஆனால் வீடு வீடாகச் செல்பவர் தமிழ் வாசகத்தைப் படித்தே வேலை செய்கிறார். ஆங்கிலம் நீதிமன்றத்தில் செல்லுபடியாகலாம். களத்தில் சேகரிக்கப்படும் புள்ளிவிவரத்தைத் தீர்மானிப்பது தமிழ்தான்.

இவ்வாசகங்களில் மொழிபெயர்ப்பாளர் முதலில் சந்திக்கும் இடையூறு, செய்பவர் மறைந்து நிற்கும் வாக்கியம். ‘தேவையான அனுமதிகள் பெறப்பட வேண்டும்’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலும் அது அப்படித்தான் இருக்கும். இரு தரப்பினர் மட்டும் உள்ள ஒப்பந்தத்தில், பெறவேண்டியவர் ஆலோசகரே என்று ஊகித்துவிடலாம். களப்பணி மூன்றாவது அமைப்பு ஒன்றிடம் செல்லும்போது அந்த ஊகம் பொய்த்துவிடுகிறது. நிக்கோபார் தீவுகள் 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை. வெளியார் அங்குள்ள ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் செல்ல நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அஃதின்றி நுழைவது தண்டனைக்குரிய குற்றம். ஆலோசகர் பெற்றிருப்பார் என்று அமைப்பும், உள்ளூரார் பெற்றுக்கொள்வர் என்று ஆலோசகரும் எண்ணியிருந்தால், கணக்கெடுப்போர் கப்பல் துறையிலேயே நின்றுவிட நேரும்.

இங்கே மொழிபெயர்ப்பாளர் தாமாக ஒருவரைத் தேர்ந்து எழுதிவிடுவது தவறு. அது மொழிபெயர்ப்பு ஆகாது. புதிய கடமையொன்றை உருவாக்குவதாகும். வரைவில் அவ்விடத்தைக் குறியிட்டு, ‘யார் விண்ணப்பிப்பது? செலவு யாருடையது? எந்தத் தேதிக்குள்?’ என்று ஆலோசகரை எழுத்து மூலம் கேட்க வேண்டும். விடை வந்தபின் இரு மொழி வாசகங்களையும் ஒருங்கே திருத்த வேண்டும். ‘களப்பணி தொடங்குவதற்கு முன், கணக்கெடுப்போர் அனைவருக்கும் அனுமதிச் சீட்டை ஆலோசகர் தம் செலவில் பெற்றுத்தருவார்’ என்று எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை. செயப்பாட்டு வினை வரும் ஒவ்வொரு ஷரத்தையும் இவ்வாறு பிரித்துப் பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் வேறு வழி இல்லை.

இதனோடு சேர்ந்தது ‘வேண்டும்’ என்ற சொல். ஆங்கிலத்தின் ‘ஷல்’, ‘ஷுட்’ ஆகிய இரண்டும் தமிழில் ‘வேண்டும்’ என்றே வந்துவிடுவதுண்டு. முன்னது கடமை, பின்னது பெரும்பாலும் பரிந்துரை. கடமைக்கு மட்டும் ‘வேண்டும்’ என்றும், பரிந்துரைக்குச் ‘செய்வது விரும்பத்தக்கது’ என்றும் முதற்பக்கத்திலேயே வரையறுத்து, இறுதிவரை அதனைக் கைவிடாதிருந்தால் போதும்.

மிகவும் நுட்பமான சிக்கல் ‘குடும்பம்’ என்ற சொல்லில் இருக்கிறது. இந்திய மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் அலகு உறவுமுறையைப் பொறுத்ததன்று. ஒரு பொதுச் சமையலறையில் உண்டு சேர்ந்து வாழ்பவர்களே ஓர் அலகு. தமிழிலோ ‘குடும்பம்’ என்றதும் உறவே முதலில் நினைவுக்கு வரும். கச்சாலில் குடியேறிய தமிழரிடையே பல வீடுகளில் உறவும் அடுப்பும் ஒன்றாகவே அமைவதால் பிழை வெளியே தெரியாது. கார் நிக்கோபாரில் அது உடனே தெரிந்துவிடும். அங்கு ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக்குடும்பமே நிலம், தென்னந்தோப்பு, பன்றிகள் ஆகியவற்றைப் பொதுவில் வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்திய உதவிகள் தனிக்குடும்ப அலகில் வழங்கப்பட்டபோது, இவ்வமைப்பு பெரிதும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு துஹெத்தில் முதிய தம்பதியரும், மணமான மக்கள் மூவரும் அவர்தம் குழந்தைகளுமாகப் பதினான்கு பேர் இருக்கிறார்கள். அடுப்புகள் இரண்டு, தோப்பு ஒன்று, பன்றிகள் பன்னிரண்டும் பொது. ‘குடும்பம்’ என்று மட்டும் எழுதப்பட்ட படிவத்துடன் செல்பவருள் ஒருவர் இதை ஒரு குடும்பம் என்பார். மற்றொருவர் தம்பதியரை எண்ணி நான்கு என்பார். அடுப்பைப் பார்ப்பவர் இரண்டு என்பார். அடுப்புக் கணக்கே சரியானது என்று கொண்டாலும் பிழை தீர்ந்துவிடாது. ‘உங்களுக்கு எத்தனை பன்றிகள்?’ என்று இரண்டு அடுப்பிலும் கேட்டால் இரண்டு இடத்திலும் பன்னிரண்டு என்ற விடையே வரும். அறிக்கையில் இருபத்து நான்கு பன்றிகள் ஏறிவிடும்.

ஆகவே தமிழ் வாசகத்தில் இரு அலகுகள் தேவை. ஆள் கணக்கிற்கு ‘ஓரடுப்பார்’ எனலாம். அதாவது ஓர் அடுப்பில் சமைத்ததை வழக்கமாக உண்டு வாழ்பவர்கள், வேலை நிமித்தம் வெளியே தங்கியிருப்பவர் உட்பட. உடைமைக் கணக்கிற்கு ‘துஹெத்’ என்ற சொல்லையே மாற்றாமல் வைத்து, ஒரு துஹெத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்கவேண்டும் என்று குறிக்க வேண்டும். ஆங்கில மூலத்தில் ஒரே அலகுதான் உள்ளதெனில், இதுவும் ஆலோசகரின் ஒப்புதலுக்குச் செல்ல வேண்டிய கேள்வியே. தமிழ்க் கணக்கெடுப்பாளர் களத்தில் இந்தியில் கேட்க நேரிடும் என்பதையும் மறக்கலாகாது. இந்தியின் ‘பரிவார்’ என்ற சொல்லும் உறவையே சுட்டுகிறது (தமிழில் அதே சொல் பரிவாரமாகி ஏவலர் கூட்டத்தைக் குறிப்பது வேறு கதை). அடுப்பைச் சுட்டிக்காட்டிக் கேட்கும் விளக்கம் எம்மொழியில் சொன்னாலும் சிதையாது.

மூன்றாவது, நாள் கணக்கு. ‘களப்பணி: 60 ஆள்-நாள்’ என்பது ‘60 நாட்கள்’ என்று மாறினால் என்ன ஆகும்? நால்வர் வேலை செய்தால் 60 ஆள்-நாள் என்பது 15 நாட்கள். 60 நாட்கள் என்று படித்த அமைப்பு நால்வருக்கும் இரண்டு மாத ஊதியம், அதாவது 240 ஆள்-நாள், கணக்கிட்டுவிடும். இதற்கு மேல் தீவுகளுக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபாருக்குக் கடல்வழிச் செல்ல ஓர் இரவு வேண்டும். பருவமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் நாள்கணக்கில் புறப்படாது. பயண நாளும் துறைமுகத்தில் காத்திருக்கும் நாளும் ஆள்-நாளில் சேருமா? மூலம் இதுபற்றி மௌனமாக இருந்தால், கையொப்பத்திற்கு முன் கேட்டுவிட வேண்டும். பின்னர்க் கேட்டால் அது ஊதியத் தகராறாகிவிடும்.

வரைவு முடிந்ததும் மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதில் சொற்பிழை பிடிபடும். பொருட்பிழை பெரும்பாலும் தப்பிவிடும், ஏனெனில் ‘குடும்பம்’ என்பது ஆங்கிலத்திற்குத் திரும்பும்போது பழைய சொல்லாகவே வந்து நிற்கும். அமைப்பின் மேற்பார்வையாளர்கள் இருவரைத் தனித்தனியே அமரச்செய்து, மேற்சொன்ன பதினான்கு பேர் துஹெத்தின் விவரத்தைத் தந்து படிவத்தை நிரப்பச் சொல்வது இன்னும் பயனுள்ள சோதனை. இரு படிவங்களும் ஒத்திராவிட்டால் குறை வாசகத்தில் உள்ளது. ஒத்திருந்தும் இரண்டிலும் இருபத்து நான்கு பன்றிகள் இருந்தால் குறை அதைவிட ஆழமானது. அதைத் திருத்த ஆங்கில மூலத்தையே மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.