நிறுவனருக்கு எழுதும் கடிதத்தில் முதல் 90 நாள் திட்டம்

ஸ்டார்ட்அப் நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டு அதன் நிறுவனருக்கே நேரடியாக எழுதப்படும் கடிதத்தில், பணியில் சேர்ந்தபின் முதல் மூன்று மாதங்களில் என்ன செய்யப்படும் என்பதைச் சில வரிகளில் குறிப்பிடும் பழக்கம் உண்டு. 90 நாள் என்ற கணக்கு நிர்வாகத் துறையில் நிலைபெற்றதில் மைக்கேல் வாட்கின்ஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ஃபர்ஸ்ட் 90 டேஸ்’ என்னும் நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்நூல் புதிய பதவிக்கு ஏற்கெனவே தேர்வான தலைவர்களுக்காக எழுதப்பட்டது. விண்ணப்பிப்பவரோ நிறுவனத்தின் உள்கணக்குகள் எதையும் பார்க்காதவர். ஆகவே அவர் எழுதும் திட்டம் வாக்குறுதியாக அமையாமல், வெளியிலிருந்து கிடைத்த சான்றுகளைக் கொண்டு கட்டிய ஊகமாகவும், அந்த ஊகம் சரியா தவறா என்பதைக் கண்டறியும் வழியாகவும் அமைய வேண்டும்.

செய்முறையை விளக்க ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்கும் சிறு நிறுவனம் அது. புதிய வாடிக்கையாளர் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கி நிலைத்திருக்கும்வரை துணைநிற்கும் ‘கஸ்டமர் சக்சஸ்’ பணிக்கு முதல் ஆளை அது தேடுகிறது.

முதற்படி, எழுதுவதற்கு முன் இரண்டு நாள் களத்தைப் பார்ப்பது. இலவசச் சோதனைக் கணக்கு தரப்படுமானால் அதில் பதிவுசெய்து, கடைக்காரர் ஒருவர் முதல் பில்லை அச்சிடும்வரை கடக்க வேண்டிய படிகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். செயலிக் கடையில் பயனர்கள் எழுதிய குறைகளைப் படிப்பதும், அம்மென்பொருளைப் பயன்படுத்தும் அல்லது கைவிட்ட இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் பேசுவதும் இதில் அடங்கும். மருந்துக்கடையில் ஆயிரக்கணக்கான சரக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பேட்ச் எண், காலாவதித் தேதி, விற்பனை விலை ஆகியவற்றைப் பதியாமல் அந்தச் சரக்குக்குப் பில் போட மென்பொருள் விடுவதில்லை என்றால், கடைக்காரர் ஸ்டாக் ஏற்றும் வேலையிலேயே சலித்து முதல் பில்லுக்கு முன்பே விலகிவிடுகிறார் என்ற ஊகம் பிறக்கிறது. திட்டம் முழுவதும் இந்த ஓர் ஊகத்தைச் சுற்றியே நின்றால் போதும். ஐந்து சிக்கல்களைக் கண்டுபிடித்து ஐந்துக்கும் தீர்வு எழுதுபவர், எது முதன்மையானது என்று தமக்குத் தெரியவில்லை என்பதைத்தான் நிறுவனருக்கு அறிவிக்கிறார்.

அடுத்தது 90 நாளைப் பகுப்பது. முதல் 30 நாள் கேட்பதற்கு, அடுத்த 30 நாள் சிறிய மாற்றம் ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு, கடைசி 30 நாள் விளைவை அளந்து முடிவெடுப்பதற்கு என்ற பகுப்பு எல்லோரும் அறிந்ததே. பெரும்பாலான திட்டங்கள் பிழைபடுவது பகுப்பில் அல்ல, அளவீட்டில். குறிப்பாக, நாட்காட்டி இடங்கொடுக்காத அளவு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்.

விண்ணப்பிப்பவர் ‘முதல் மாதத்திலேயே விலகும் கடைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பது’ என்று எழுதுவதாகக் கொள்வோம். மாதம் 60 கடைகள், அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு கடைகள், புதிதாகச் சேர்கின்றன என்றும், மாற்றம் 46ஆம் நாளில் நடைமுறைக்கு வருகிறது என்றும் வைத்துக்கொண்டால், 90ஆம் நாளுக்குள் தம் முதல் 30 நாளை முடித்திருப்பவை 46 முதல் 60ஆம் நாள் வரை சேர்ந்த சுமார் 30 கடைகள் மட்டுமே. இவ்வளவு சிறிய தொகுதியில் நான்கைந்து கடைகள் கூடுதலாக நிலைத்தாலும் அது மாற்றத்தின் பயனா தற்செயலா என்று சொல்ல இயலாது. மாறாக, ‘சேர்ந்த மூன்று நாளுக்குள் முதல் பில் போட்ட கடைகளின் பங்கு’ என்பதை அளவாகக் கொண்டால், 46 முதல் 87ஆம் நாள் வரை சேர்ந்த சுமார் 84 கடைகள் கணக்கில் வருகின்றன. இறுதி விளைவுக்கு முன்பே தெரியும் இத்தகைய அளவை முன்னறி குறியீடு எனலாம். முதல் பில் விரைவாகப் போடும் கடைகள் உண்மையிலேயே நிலைத்திருக்கின்றனவா என்பதைப் பழைய தரவைக் கொண்டு முதல் மாதத்திலேயே சரிபார்க்க வேண்டும் என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அந்தத் தொடர்பு இல்லையென்றால் குறியீட்டுக்குப் பொருளே இல்லை.

இதன்பின் எழுதுவது எளிது. கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்க, திட்டம் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், விண்ணப்பிப்பவர் யார் என்று கூறும் பத்திக்குப் பின் வருவது நல்லது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

“சோதனைக் கணக்கில் பார்த்தவரை, விவரம் பதியாத சரக்குக்குப் பில் போட முடிவதில்லை, இதனால் முழு ஸ்டாக்கையும் முதலிலேயே ஏற்ற முயன்று புதிய கடைகள் சலித்து விலகலாம் என்பது ஊகம். முதல் 30 நாள்: அண்மையில் விலகிய 15 கடைகளிடம் பேசி, பழைய தரவோடு ஒப்பிட்டு, ஊகம் சரியா என்று ஒரு பக்கக் குறிப்பு தருவது. 31 முதல் 60 வரை: சரியெனில், அதிகம் விற்கும் 200 சரக்குகளை மட்டும் ஏற்றித் தொடங்கும் முறையைப் புதிய கடைகளுக்குத் தொலைபேசி வழியே நடத்திப் பார்ப்பது. 61 முதல் 90 வரை: மூன்று நாளுக்குள் முதல் பில் போட்ட கடைகளின் பங்கை முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டு, முறையைத் தொடர்வதா கைவிடுவதா என்று பரிந்துரைப்பது. தேவைப்படுபவை: உதவிக் கோரிக்கைப் பதிவுகளைப் பார்க்கும் அனுமதி, வாரம் அரை மணி நேரம் நிறுவனருடன் உரையாடல்.”

இதில் புதிய ஆட்களோ விளம்பரச் செலவோ கேட்கப்படவில்லை. மென்பொருளையே மாற்றும்படி பொறியாளர்களை எதிர்பார்க்கவுமில்லை. கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நிறுவனருக்கு இது கவனிக்கத்தக்க செய்தி. ஊகம் தவறாகப் போனால் என்ன செய்யப்படும் என்பதற்கு ஒரு சொற்றொடர் கூடுதலாக இருக்கலாம். அதற்கு மேல் கிளைகள் வேண்டாம்.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு சோதனை உண்டு. நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டு உணவகங்களுக்கு மென்பொருள் விற்கும் வேறொரு நிறுவனத்தின் பெயரை இட்டுப் படிக்கும்போது திட்டம் அப்படியே பொருந்தினால், அதில் களம் இல்லை என்று பொருள். ‘குழுவினருடன் பழகுவது’, ‘செயல்முறைகளைப் புரிந்துகொள்வது’ போன்ற வரிகள் இச்சோதனையில் முதலில் விழும்.

எல்லாக் கடிதத்துக்கும் இது ஏற்றதன்று. விற்பனைக்கான பொருளே இன்னும் உருவாகாத நிறுவனத்தில் மூன்று மாதத்துக்குள் திசையே மாறக்கூடும் என்பதால், அங்கு முதல் இரண்டு வாரப் பணியை மட்டும் குறிப்பிடுவது நேர்மையானது. நேர்காணலுக்கு அழைக்கும் முன்பே பல பக்க விரிவான திட்டம் கேட்கும் நிறுவனருக்கு, கடிதத்தில் உள்ளதை நேரில் விளக்கத் தயார் என்று பதில் எழுதினால் போதும். அதற்குமேல் எழுதித் தருவது ஊதியமில்லாத ஆலோசனைப் பணி. களத்தைப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்க இயலாதவர் திட்டத்தைச் சேர்க்காமல் சாதாரணக் கடிதத்தை அனுப்புவதே மேல்.