நேர்முகப் பரீட்சைக்குப் பின் அனுப்பும் நன்றிச் செய்தி: அவசரத்தில் எழுதியதைத் திருத்துவது எப்படி?

நேர்முகப் பரீட்சை முடிந்து பாலாவி – கற்பிட்டி வீதியில் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், சொல்லியிருக்க வேண்டியவை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். இரவு தூக்கம் வராமல் கைபேசியை எடுத்து, மனதில் பட்டதை அப்படியே எழுதி அனுப்பிவிடுவோம். ஆலங்குடாவில் இருக்கும் ஒரு பிள்ளையும் அப்படித்தான் செய்தார். அவருடைய பெற்றோர் 1990 ஒக்டோபரில் முசலிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். க.பொ.த. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவர். கற்பிட்டியில் ஒரு கருவாட்டு வியாபாரியிடம் ஒன்றரை வருடம் கணக்கெழுதியிருக்கிறார். ஒரு சுற்றுலா விடுதியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய்வந்த அன்று இரவு 10.40க்கு, விடுதி முகாமையாளரின் கைபேசிக்கு அவர் அனுப்பியது இது:

“சேர் தேங்ஸ் இண்டைக்கு இன்டவியூக்கு. நல்லா கதைச்சீங்க. நான் பயத்துல சரியா சொல்லல்ல. வீடு கிடைச்சாலும் நான் மன்னாருக்குப் போகவே மாட்டன் சேர் சத்தியமா. எங்கட கஷ்டம் தெரியும்தானே. எப்ப சொல்லுவீங்க? பதில் போடுங்க”

இந்தச் செய்தியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் காலையில் அதைப் பார்க்கும் முகாமையாளரின் இடத்தில் இருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அனுப்பியவரின் பெயர் இல்லை. எந்த வேலை என்று இல்லை. அன்று அவர் ஐந்தாறு பேரைப் பார்த்திருப்பார். இலக்கம் அவருடைய கைபேசியில் பதிவாகியிருக்காது. யார் என்று கண்டுபிடிக்க அவர் கோவையைப் புரட்ட வேண்டும். “கஷ்டம் தெரியும்தானே” என்ற வரி அவரைச் சங்கடப்படுத்தும். அவர் தெரிவு செய்ய வேண்டியது கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரை. அந்த வரி அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இவையெல்லாம் சிறு பிழைகள், திருத்துவது இலகு. உண்மையான சிக்கல் நடுவில் உள்ள “போகவே மாட்டன்” என்ற வரியில் இருக்கிறது.

அந்த வரி ஏன் வந்தது என்று அவரிடம் கேட்டோம். அவருடைய சுயவிபரக் கோவையில் ஆலங்குடா விலாசம் இருந்தது. இணைத்திருந்த கிராம உத்தியோகத்தர் சான்றிதழில் முசலி விலாசம் இருந்தது. புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு மன்னாரில் பதிந்திருக்கும் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் முகாமையாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “வீடு கிடைத்ததும் போய்விடுவீர்கள்தானே?” என்று கேட்டிருக்கிறார். பிள்ளை “தெரியாது சேர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்தப் பதிலைச் சரிசெய்யத்தான் இரவில் சத்தியம் செய்திருக்கிறார்.

உண்மை நிலை என்ன? மீள்குடியேற்றத்துக்காகப் பிரதேச செயலகத்தில் கொடுத்த படிவத்தில், பெற்றோரின் பெயரோடு இவருடைய பெயரும் இருக்கிறது. வீடு கட்டத் தொடங்கினால் வாப்பாவும் உம்மாவும் போவார்கள். இவருடைய தம்பி 10ஆம் வகுப்பில் படிக்கிறார். சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை அவரைப் பாடசாலை மாற்றுவதில்லை என்று வீட்டில் ஏற்கனவே முடிவெடுத்திருக்கிறார்கள். அதுவரை இவரும் தம்பியும் ஆலங்குடாவில் சாச்சி வீட்டில் இருப்பார்கள். அதற்குப் பிறகு என்ன என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆக, “போகவே மாட்டேன்” என்பது உண்மையல்ல. பிரதேச செயலகத்துக்குத் திரும்பிப் போவதாக ஒரு தாளும், வேலைத்தளத்துக்குப் போவதில்லை என்று இன்னொரு தாளும் உங்கள் பெயரில் இருக்கக்கூடாது. இரண்டில் எதை யார் எப்போது எடுத்துக் காட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. அதுமட்டுமல்ல, முகாமையாளருக்கு வேண்டியது வாழ்நாள் உறுதிமொழியும் அல்ல. பழக்கிவிட்ட ஆள் மூன்று மாதத்தில், அதுவும் டொல்பின் பார்க்க ஆட்கள் வரும் காலத்தின் நடுவில், சொல்லாமல் போய்விடுவாரோ என்பதுதான் அவருடைய பயம். எவ்வளவு காலம் இருக்க முடியும், போவதென்றால் எவ்வளவு முன்னதாகச் சொல்லுவீர்கள் என்ற இரண்டு விடயங்கள் தெரிந்தால் அந்தப் பயம் குறையும். அவை இரண்டும் இந்தப் பிள்ளையால் உண்மையாகச் சொல்லக்கூடியவை.

மற்றொரு கேள்வியையும் அவர் நினைவுபடுத்தினார். “பதிவேட்டில் ஒரு தொகை, களஞ்சியத்தில் வேறொரு தொகை என்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டதற்கு, “மனேஜரிடம் சொல்லுவேன்” என்று மட்டும் பதில் சொல்லியிருக்கிறார். ஒன்றரை வருடம் கருவாட்டுக் களஞ்சியத்தில் அவர் செய்த வேலையே இதுதான். கருவாடு இருக்க இருக்கக் காய்ந்து எடை குறையும். வந்த அன்று நிறுத்த எடைக்கும் விற்ற அன்று நிறுத்த எடைக்கும் எப்போதும் வித்தியாசம் வரும். அது காய்ந்ததால் வந்ததா, எழுதாமல் வெளியே போனதா என்று பார்க்க, ஒவ்வொரு பொதிக்கும் வந்த திகதியையும் இரண்டு எடைகளையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார். இதைக் கேட்டபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. நேர்முகப் பரீட்சையில் இதில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

நன்றிச் செய்தியில் இப்படி விடுபட்ட ஒரு விடயத்தைச் சேர்க்கலாம். ஒன்றுதான், நாலைந்தைச் சேர்த்தால் அது இரண்டாவது விண்ணப்பமாகிவிடும். கேட்கப்பட்ட கேள்வியோடு தொடர்புள்ளதாகவும் அது இருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை 9 மணிக்குப் பிறகு அவர் அனுப்பிய கடிதம்:

“பொருள்: கணக்கு உதவியாளர் நேர்முகப் பரீட்சை – நன்றி

மதிப்புக்குரிய ஐயா,

நேற்றுக் காலை 10 மணிக்குக் கணக்கு உதவியாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு வந்த (முழுப் பெயர்) எழுதுகிறேன். நேரம் ஒதுக்கி என்னுடன் பேசியதற்கு நன்றி. நேற்றிரவு பெயர் இல்லாமல் உங்கள் கைபேசிக்கு வந்த செய்தி நான் அனுப்பியது. அந்த நேரத்தில் அனுப்பியதற்கு மன்னிக்கவும்.

பதிவேட்டுக்கும் களஞ்சியத்துக்கும் வித்தியாசம் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். எனது முன்னைய வேலையில் ஒவ்வொரு கருவாட்டுப் பொதிக்கும் வந்த திகதி, வந்த எடை, விற்ற எடை ஆகியவற்றை எழுதி, வித்தியாசம் எந்தப் பொதியில் எந்த நாளில் வந்தது என்று பார்த்த பிறகே உரிமையாளரிடம் சொல்வேன். இதை நேற்று விளக்கமாகச் சொல்லத் தவறிவிட்டேன்.

எனது விலாசம் பற்றியும் கேட்டீர்கள். எனது குடும்பம் முசலியில் மீள்குடியேறப் பதிந்துள்ளது. எனது தம்பி சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை, அதாவது அடுத்த வருட முடிவுவரை, நான் ஆலங்குடாவிலேயே இருப்பேன். அதன்பின் இடம் மாற நேர்ந்தால் இரண்டு மாதங்களுக்கு முன் அறிவிப்பேன். நேற்றிரவு எழுதியதற்குப் பதிலாக இதையே எனது பதிலாக எடுத்துக்கொள்ளவும்.

மேலதிக ஆவணங்கள் தேவைப்பட்டால் அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
(முழுப் பெயர்)
(கைபேசி இலக்கம்)”

முதல் செய்தியில் இருந்தவற்றில் எது தங்கியது, எது போனது என்று பாருங்கள். நன்றி தங்கியது, “நல்லா கதைச்சீங்க” போனது, ஏனென்றால் பரீட்சித்தவருக்குப் பரீட்சிக்கப்பட்டவர் புள்ளி போடுவதுபோல் அது கேட்கும். “பயத்துல சரியா சொல்லல்ல” என்பதன் இடத்தில் சரியான பதிலே வந்துவிட்டது. குடும்பக் கஷ்டம் முழுதாக எடுக்கப்பட்டது. “எப்ப சொல்லுவீங்க?” என்பதும் போனது, ஒரு வாரத்தில் அறிவிப்பதாக முகாமையாளர் நேரிலேயே சொல்லியிருந்தார். இரவுச் செய்திக்கு ஒரு வரி மன்னிப்புப் போதும். அதை வட்ஸ்அப்பில் அழித்துவிடலாமா என்றும் அவர் கேட்டார். அழித்தாலும் ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்ற அடையாளம் அங்கே நிற்கும். அவர் ஏற்கனவே வாசித்தும் இருப்பார். விட்டுவிடச் சொன்னோம்.

எந்த வழியில் அனுப்புவது? உங்களை அழைத்த வழியிலேயே அனுப்புங்கள். இவருக்கு அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. ஆகவே நன்றியும் மின்னஞ்சலில் போனது. குறுஞ்செய்தியில் அழைத்திருந்தால், பெயர், பதவி, நன்றி, ஒரு விளக்கம் என்று மூன்று நான்கு வரிகளில் முடியுங்கள். தமிழ் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான் அடங்கும். நீளமானால் பல துண்டாகப் போகும், சில பழைய கைபேசிகளில் துண்டுகள் முன்பின்னாக வரும். மின்னஞ்சலில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து ஒட்டாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கைபேசியில் உள்ள தமிழ் விசைப்பலகையால் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

மொழியும் அப்படியே. நேர்முகப் பரீட்சை சிங்களத்தில் நடந்திருந்தால், சிங்களம் நன்கு எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டி அந்த மொழியில் அனுப்புங்கள். பிழையான சிங்களத்தில் பத்து வரிகளைவிடச் சரியான நான்கு வரிகள் நல்லது. குரல் பதிவு வேண்டாம். அலுவலகத்தில் நாலு பேர் நடுவில் அதைத் திறந்து கேட்பவர் குறைவு.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. அரசாங்கப் பதவிகளுக்கு நேர்முகப் பரீட்சைச் சபை ஒன்று இருக்கும். அந்தச் சபையில் இருந்த ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் நன்றி எழுதினால், சிபாரிசு தேடும் முயற்சியாக எடுத்துக்கொள்ளப்படலாம்; அதனால் விண்ணப்பமே நிராகரிக்கப்படவும் இடமுண்டு. அங்கே எழுந்து வரும்போது வாயால் நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொண்டு நிறுவனங்களில், எங்களிடமும்கூட, குழுவில் இருந்தவரின் சொந்த இலக்கத்துக்கு அனுப்பாமல் விண்ணப்பம் அனுப்பிய அதே முகவரிக்கு அனுப்புங்கள்.

சொன்ன நாள் கடந்தும் பதில் வராவிட்டால், இரண்டு வேலைநாள் பொறுத்து ஒரு தடவை விசாரிக்கலாம். போயா விடுமுறையையும் கணக்கில் எடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் தவிருங்கள். ஆலங்குடாப் பிள்ளை ஒன்பதாம் நாள் அனுப்பியது இவ்வளவுதான்: “ஐயா, 10 மணி நேர்முகப் பரீட்சைக்கு வந்த (முழுப் பெயர்). கணக்கு உதவியாளர் பதவி பற்றித் தீர்மானம் எடுக்கப்பட்டிருந்தால் அறியத்தர முடியுமா? நன்றி.”