அளவு மாறி வந்த கீல்கள்: முறையீட்டுக் கடிதம்

நுழையும்முன்

பணம் கொடுத்து வாங்கிய பொருள் கேட்டபடி அமையாதபோது கடைக்காரருக்கு எழுதுவது முறையீட்டுக் கடிதம். கோபத்தைக் கொட்டுவது அதன் வேலையன்று. கேட்டது எது, வந்தது எது, வேண்டுவது எது என்னும் மூன்றையும் ஐயத்திற்கு இடமின்றி நிறுவுவதே அதன் வேலை. கதவுக் கீல்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையைக் காண்போம்.

சூழல்

தாமிரபரணியின் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் பழைய வீடு ஒன்று புதுப்பிக்கப்படுகிறது. பழங்காலக் கதவுகள் குடுமியில் சுழல்பவை. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமிகள் குழிகளில் பொருந்தித் திரும்பும். புதிதாக மாட்டும் அறைக்கதவுகளுக்கோ கீல்கள் தேவை. நான்கு கதவுகள், கதவு ஒன்றிற்கு மூன்று கீல்கள், ஆக 12 கீல்கள். ஆற்றின் மறுகரையிலுள்ள அம்பாசமுத்திரத்துக் கடையில் 4 அங்குலக் கீல்கள் கேட்கப்பட்டன. வந்து சேர்ந்தவையோ 3 அங்குலக் கீல்கள்.

ஓர் அங்குல வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால், கீலின் தகடு மரத்தோடு சமமாகப் படியும்பொருட்டு, தச்சர் கதவிலும் நிலையிலும் 4 அங்குல நீளத்திற்குப் பள்ளம் வெட்டிவிட்டார். அதில் 3 அங்குலத் தகட்டை வைத்தால் ஓர் அங்குலம் வெறுமையாக நிற்கும். சிறிய கீல் மரத்தைப் பற்றும் பரப்பும் குறைவு. நாளடைவில் கதவின் எடை மேற்கீலை இழுக்க, திருகாணிகள் தளரும். கதவு தொங்கித் தரையில் உரசும்.

எழுதுமுன் அளந்து பார்த்தல்

முறையிடுமுன் நம் அளவு சரிதானா என உறுதி செய்தல் வேண்டும். கீலின் அளவென்று கடையில் சொல்லப்படுவது, இரு தகடுகளையும் இணைக்கும் நடுக்கம்பியின் போக்கில் அமைந்த நீளமாகும். விரித்து வைத்த கீலின் அகலம் வேறு. 4 அங்குல நீளக் கீல் விரித்த நிலையில் 3 அங்குல அகலமே இருப்பதுண்டு. அகலத்தை அளந்துவிட்டு, ‘3 அங்குலம் வந்துள்ளது’ என எழுதினால் முறையீடு பிழையாகிவிடும். பெட்டியின் மேல் மில்லிமீட்டரில் அச்சிட்டிருந்தால், 75 என்பது 3 அங்குலத்தையும் 100 என்பது 4 அங்குலத்தையும் குறிக்கும்.

அடுத்து விலைச்சீட்டைக் காண்க. சீட்டில் 4 அங்குலம் எனவும் பெட்டியில் 3 அங்குலம் எனவும் இருந்தால், பிழை பொருளை எடுத்து அனுப்பியதில் நேர்ந்தது. சீட்டிலேயே 3 அங்குலம் என்றிருந்தால், நாம் கேட்டபோதோ கடையில் குறித்தபோதோ பிழை நேர்ந்திருக்கலாம். அப்போது நாம் கொடுத்த பட்டியலின் படியே சான்றாகும். அதுவும் இல்லையெனில், கடையைக் குறை கூறாது, மாற்றித் தருமாறு வேண்டுகோளாக எழுதுவதே முறை.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்
அ. ஆ. இ.,
14, தெற்குத் தெரு,
கல்லிடைக்குறிச்சி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உரிமையாளர் அவர்கள்,
இரும்புப் பொருள் விற்பனை நிலையம்,
முதன்மைச் சாலை,
அம்பாசமுத்திரம்.

ஐயா,

பொருள்: அளவு மாறி வந்த 12 கதவுக் கீல்களை மாற்றித் தர வேண்டுதல் – சார்பு.
பார்வை: விலைச்சீட்டு எண் 1482, நாள் 10.06.2024.

வணக்கம். தங்கள் கடையில் 10.06.2024 அன்று 4 அங்குல எஃகுக் கீல்கள் 12 வாங்கினோம். கீல் ஒன்று ரூ.110 வீதம் மொத்தம் ரூ.1,320 செலுத்தினோம். விலைச்சீட்டிலும் 4 அங்குலம் என்றே குறிக்கப்பட்டுள்ளது.

அன்று மாலை தங்கள் வண்டியில் வந்த பெட்டிகளை மறுநாள் காலை தச்சர் முன்னிலையில் பிரித்தோம். பெட்டிகளில் 75 மி.மீ. என அச்சிடப்பட்டுள்ளது. அளந்து பார்த்ததில் 12 கீல்களும் 3 அங்குல நீளமே உள்ளன. கதவுகளில் 4 அங்குல அளவிற்குப் பள்ளம் வெட்டப்பட்டுவிட்டதால் இவற்றைப் பயன்படுத்த இயலவில்லை. கீல் எதனையும் கதவில் பொருத்தவில்லை. அனைத்தும் திருகாணிகளுடன் அவற்றின் பெட்டிகளிலேயே உள்ளன.

எனவே, இக்கீல்களை எங்கள் இல்லத்தில் பெற்றுக்கொண்டு, அதே தரத்தில் 4 அங்குலக் கீல்கள் 12 ஐ 19.06.2024 ஆம் நாளுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இருப்பு இல்லையெனில், செலுத்திய தொகையைத் திருப்பித் தர வேண்டுகிறேன்.

நன்றி.

இடம்: கல்லிடைக்குறிச்சி
நாள்: 12.06.2024

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ. ஆ. இ.

இணைப்பு: விலைச்சீட்டின் நகல், அளவுகோலுடன் எடுத்த கீலின் ஒளிப்படம்.

கடிதத்தின் அமைப்பு

முதற்பத்தி, கேட்டதையும் செலுத்தியதையும் கூறுகிறது; அதற்குச் சான்று விலைச்சீட்டு. இரண்டாம் பத்தி, வந்ததைக் கூறுகிறது. அதற்குச் சான்று பெட்டியின் அச்சும் ஒளிப்படமும். மூன்றாம் பத்தி, வேண்டுவதை நாள் குறித்துக் கூறுகிறது. ‘விரைவில் ஆவன செய்க’ என முடித்திருந்தால், எந்நாள்வரை காத்திருப்பது என்பது இருவருக்கும் தெரியாது.

‘ஏமாற்றிவிட்டீர்கள்’ போன்ற சொற்கள் இக்கடிதத்தில் இல்லை. அடுக்கிலிருந்து தவறான பெட்டியை எடுத்ததற்கு மேல் எதுவும் இங்கே நிறுவப்படவில்லை. நிறுவ இயலாத குற்றச்சாட்டு, நிறுவப்பட்ட உண்மையையும் வலுவிழக்கச் செய்யும்.

‘கீல் எதனையும் கதவில் பொருத்தவில்லை’ என்னும் தொடரே இக்கடிதத்தின் உயிர்நிலை. 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்கும் பொருள் அவ்விவரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். வாங்குபவருக்கு அதனைச் சோதித்துப் பார்க்கும் உரிமையும் உண்டு. ஆயினும், பொருளைத் தமதாகவே கருதிப் பயன்படுத்தினாலோ, மறுப்புத் தெரிவிக்காது தக்க காலத்திற்கு மேல் வைத்திருந்தாலோ அவர் அதனை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். ‘இப்போதைக்கு இருக்கட்டும்’ என ஒரு கதவில் கீல்களை முடுக்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து எழுதினால் மாற்றிக் கேட்கும் உரிமை தளர்ந்துவிடும். முறையாக மறுத்த பொருளைச் சுமந்து சென்று திருப்பித் தரும் கடமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, வாங்கியவருக்கு இல்லை. ‘எங்கள் இல்லத்தில் பெற்றுக்கொண்டு’ என எழுதியது அதனால்தான்.

கடிதம் அனுப்பிய பின்

கடிதத்தை நேரில் கொடுத்தால், அதன் படி ஒன்றில் கடையின் முத்திரையும் நாளும் பெறுக. விலைச்சீட்டின் மூலத்தைக் கொடுத்தல் ஆகாது, நகலே போதும். குறித்த நாளுக்குள் பயன் கிட்டாவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915 இல் தெரிவிக்கலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். அதற்குரிய காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அங்கும் முதற்சான்றாக நிற்பது இக்கடிதத்தின் படியே.

கற்பவை கற்றபின்

1. விலைச்சீட்டில் 3 அங்குலம் என்றும், நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் 4 அங்குலம் என்றும் உள்ளன. மாதிரிக் கடிதத்தின் முதற்பத்தியை அதற்கேற்ப மாற்றி எழுதுக.
2. 12 கீல்களுள் 4 மட்டுமே அளவு மாறியவை எனக் கொண்டு, வேண்டுகோள் பத்தியை எழுதுக.
3. ‘நீங்கள் எப்போதும் இப்படித்தான் செய்கிறீர்கள்’ என்னும் தொடரை முறையீட்டுக் கடிதத்தில் எழுதலாகாது. ஏன்?