104-ஐத் தாண்டினால் தண்ணீர்த் தொட்டிதான் முதல் ஆஸ்பத்திரி!

உங்கள் வீட்டுப் பிள்ளை போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறான். விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பிவிடுகிறான். ஒருநாள் யாரோ ஓடி வந்து, "அம்மா, உங்க பையன் மயங்கி விழுந்துட்டான்!" என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

"முகத்துல தண்ணி தெளிப்போம், சோடா குடுப்போம், ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவோம்." பெரும்பாலும் இதைத்தான் சொல்வீர்கள். வெயில் சோர்வால் விழுந்தவனுக்கு இது பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் ஹீட் ஸ்ட்ரோக்கால் விழுந்தவனுக்கு இந்த அவசர ஓட்டமே உயிருக்கு உலை வைத்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

2024 ஆகஸ்டில் ஜார்கண்ட் மாநிலத்தில் கலால் துறைக் காவலர் தேர்வு தொடங்கியது. ஆண்கள் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்தத் தேர்வின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். எல்லாருக்கும் காரணம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திடகாத்திரமான இளைஞன் ஓடும்போது விழுந்தால், "சின்னப் பையன்தானே, தானே எழுந்துடுவான்" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

உடம்புக்குள் ஓர் அடுப்பு

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் ஓட்டமாக மாறுகிறது. மீதியெல்லாம் சூடு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் நிமிஷத்துக்குச் சுமார் 8 கலோரி சூடு உண்டாகிறது. (நாம் சாப்பாட்டுக்குச் சொல்கிறோமே, அதே கலோரிதான்.) இந்தச் சூடு வெளியே போகாமல் அப்படியே தங்கினால் ஆறேழு நிமிஷத்தில் உடம்பு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். இருபது நிமிஷத்தில் 98.6-லிருந்து 104 ஃபாரன்ஹீட்டுக்கே போய்விடும்!

அப்படி ஏறாமல் காப்பாற்றுவது வியர்வை. ஆனால் வியர்வை வழிந்தால் மட்டும் போதாது. அது காய வேண்டும். காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கடலூர் மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைய. சட்டை தொப்பலாக நனையும், ஆனால் காயாது. சொட்டிக் கீழே விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதனால் கத்திரி வெயில் இல்லாத நாளில், காலை ஏழரை மணிக்கும்கூட ஓடுகிறவருக்கு இந்த ஆபத்து உண்டு.

இரண்டு பேர், இரண்டு மயக்கம்

ஒரு கற்பனை. கடலூர் சில்வர் பீச் ரோட்டில் ஒரு பையன் ஓடி முடித்ததும் உட்கார்ந்துவிடுகிறான். முகம் வெளுத்திருக்கிறது, வாந்தி வருகிறது. "தலை கிறுகிறுன்னு சுத்துதுக்கா, கால் நிக்கல" என்கிறான். ஆனால் பெயர் கேட்டால் சொல்கிறான், என்ன கிழமை என்றாலும் சரியாகச் சொல்கிறான். இவனுடைய உள்ளுடம்புச் சூடு 101, 102 இருக்கலாம். இதுதான் வெப்பச் சோர்வு. தண்ணீரும் உப்பும் குறைந்து, ரத்தம் கால்களில் தங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி விசிறுங்கள். வாந்தி நின்றதும் உப்பு போட்ட மோரையோ ஓ.ஆர்.எஸ். கரைசலையோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரைமணியில் தெளிந்துவிடுவான். தெளியாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொருவன் சிதம்பரத்துக்கு வெளியே, வயலோர ரோட்டில் ஓடுகிறான். கடைசியில் தள்ளாடுகிறான். பிடிக்கப் போன நண்பனைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். "எங்கடா இருக்கே?" என்றால் சம்பந்தமில்லாமல் உளறுகிறான், பிறகு விழுகிறான். உடம்பெல்லாம் வியர்வை. இவனுக்கு உள்ளே 106.5 என்று வைத்துக்கொள்வோம். இது ஹீட் ஸ்ட்ரோக்.

கோடு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். உள்ளுடம்புச் சூடு 104 ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். கூடவே புத்தி தடுமாற்றம். இந்த இரண்டும் சேர்ந்தால் அந்த நிமிஷமே குளிர்விக்க வேண்டும். சில மருத்துவக் குழுக்கள் கோட்டை 105-இல் போடுகின்றன. விழுந்து கிடப்பவனுக்கு அந்த ஒரு டிகிரியால் வித்தியாசம் எதுவும் இல்லை.

ஏமாற்றும் மூன்று அடையாளங்கள்

முதலாவது வியர்வை. "தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்று பலர் படித்திருப்பீர்கள். வெயில் காலத்தில் வீட்டுக்குள் சுருண்டு விழும் முதியவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஓடி விழுந்தவருக்குப் பொருந்தாது. அவர் வியர்த்துக்கொண்டே ஆபத்தில் இருப்பார்.

இரண்டாவது வீட்டுத் தெர்மாமீட்டர். அக்குளில் வைத்தால் 100 காட்டும், உள்ளே 106 இருக்கும். வாய், காது, நெற்றி எல்லாமே இந்த நேரத்தில் நம்ப முடியாதவை. ஆசனவாய் வழியாக எடுக்கும் அளவு ஒன்றைத்தான் பந்தயங்களில் மருத்துவக் குழுவினர் நம்புகிறார்கள். வீட்டில் அது முடியாதே என்கிறீர்களா? கவலை வேண்டாம். கடுமையாக ஓடி விழுந்தவர் உளறினால், ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொண்டு குளிர்விக்கத் தொடங்குங்கள். தெர்மாமீட்டரைத் தேடி நேரத்தை விட வேண்டாம்.

மூன்றாவது, நடுவில் வரும் தெளிவு. சிலர் விழுந்த சில நிமிஷம் கண்ணைத் திறந்து நன்றாகப் பேசுவார்கள். "சரியாயிடுச்சு" என்று விட்டுவிட்டால் மறுபடி மோசமாகிவிடுவார்கள்.

முதலில் குளிர்ச்சி, பிறகு பயணம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்டு மாதம் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. தூரம் 11 கிலோமீட்டர் சொச்சம். அங்கே 18 வருடங்களில் 274 பேர் ஹீட் ஸ்ட்ரோக்கால் விழுந்தார்கள். சராசரி உள்சூடு 106 டிகிரிக்கும் மேல். அத்தனை பேரும் பிழைத்துவிட்டார்கள்! பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்பினார்கள். பெரிய மருந்து எதுவும் காரணமில்லை. முடிவுக் கோட்டுக்கு அருகிலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தது. விழுந்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன் அதில் இறக்கினார்கள். அவ்வளவுதான்.

மூளையும் ஈரலும் சிறுநீரகமும் எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் வேகின்றன என்பதுதான் கணக்கு. விழுந்த அரைமணிக்குள் உள்சூடு 102-க்கு வந்துவிட வேண்டும். சிதம்பரத்துப் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். 7.40-க்கு விழுந்தான். ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தால் சுமார் மூன்று நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கும். 7.45-க்கு இறக்கினால் 106.5 என்பது 8 மணிக்குள் 102 ஆகிவிடும். வண்டி தேடி, ஏற்றி, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, டாக்டர் பார்க்கும்போது மணி 8.30. அதுவரை உள்ளே வெந்துகொண்டுதான் இருப்பான்.

கையில் கிடைப்பதை வைத்து எப்படி?

முதலில் மூச்சும் நாடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இதயம் நின்ற நிலை. நெஞ்சை அழுத்தும் முதலுதவிதான் முதலில். மூச்சு இருந்தால், ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும்; மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்கட்டும்.

வயலோரம் என்றால் பம்ப்செட் தொட்டியே போதும். கழுத்து வரை தண்ணீரில் இறக்குங்கள். பின்னால் ஒருவர் நின்று, பையனின் மார்பைச் சுற்றி ஒரு துண்டைக் கொடுத்து, அக்குளுக்கு அடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை முங்கிவிடக் கூடாது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். உடம்பை ஒட்டியிருக்கும் தண்ணீர் சூடாகி நின்றுவிடும். கலக்கினால்தான் புதுத் தண்ணீர் படும். ஜூஸ் கடை ஐஸ், மீன் பெட்டி ஐஸ் எது கிடைத்தாலும் கொட்டுங்கள். ஐஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெறும் தண்ணீரில் சற்று மெதுவாக இறங்கும், ஆனால் இறங்கும்.

தொட்டி இல்லையா? தார்ப்பாயில் படுக்கவைத்து, நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, நடுவில் குடம் குடமாகத் தண்ணீரும் ஐஸும் ஊற்றி ஆட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் ஹோஸ் பைப்பால் உடம்பு முழுக்கத் தண்ணீர் விட்டு, பலமாக விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் மட்டும் ஐஸ் வைப்பது போதாது.

"சூட்டு உடம்புல பச்சைத் தண்ணி ஊத்தினா ஜன்னி வந்துடும்" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பயம் வேண்டாம். நடுக்கம் வரலாம், அப்போதும் சூடு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஜன்னி வருவது 106 டிகிரியில் மூளை வேகும்போது!

எப்போது நிறுத்துவது? அளக்க வழியிருந்தால் 102-இல். இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிஷம், ஐஸ் இல்லாவிட்டால் இன்னும் சற்று நேரம். நினைவு தெளிந்து நன்றாக நடுங்கும்போது வெளியே எடுக்கலாம். ஆம்புலன்ஸ் வந்துவிட்டால், இவ்வளவு நேரம் நனைத்திருக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். வழியெல்லாம் ஈரத்துணியும் விசிறலும் தொடரட்டும்.

பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சலில் மூளையே சூட்டைக் கூட்டச் சொல்கிறது; மாத்திரை அந்த உத்தரவை நிறுத்துகிறது. இங்கே அப்படி உத்தரவே இல்லை. தசை உண்டாக்கிய சூடு. மாத்திரை கேட்காது, வெந்துகொண்டிருக்கும் ஈரலுக்குச் சுமைதான். உளறுகிறவர் வாயில் எதையும் ஊற்றவும் வேண்டாம், புரையேறிவிடும். தவிர, மணிக்கணக்கில் ஓடி, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, ரத்தத்தில் உப்பு குறைந்தவர்களும் இதே மாதிரி உளறுவார்கள். அவர்களுக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து.

பையன் தொட்டியிலிருந்து எழுந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். தசை சிதைந்திருக்கிறதா, ஈரல், சிறுநீரகம் சரியாக இருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சில கோளாறுகள் ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டும். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் உடனே சொல்லுங்கள். டாக்டர் அனுமதிக்கும்வரை ஷூவை எடுத்து வைத்துவிடுங்கள்.

நாளைக் காலை அவன் கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஓடற இடத்துக்குப் பக்கத்துல தண்ணித் தொட்டி எங்கடா இருக்கு?" பதில் தெரியாவிட்டால், முதல் வேலையாக அதைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.