பலகை அழிந்தது ஏன்?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல்)

சென்ற பருவத்து விடுமுறையில் நான் ஒரு சிறு கைபேசி விளையாட்டை எழுதினேன். நான்குக்கு நான்கு என்று பதினாறு கட்டங்கள். ஒரே எண் கொண்ட இரு கட்டங்களை நகர்த்திச் சேர்த்தால் அவை இரட்டிப்பாகும். இரண்டும் இரண்டும் நான்கு, நான்கும் நான்கும் எட்டு என்று அது வளரும். இதை நான் எழுதியது என் தாயாருக்காக. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர் பீடி சுற்றும் வேலைக்கிடையே இதை விளையாடப் பழகி, மூன்று இலக்க எண்களைத் தயக்கமின்றிப் படிக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் மாலை அவர் முதன்முறையாக 512ஐ எட்டினார். அப்போது கடையிலிருந்து இலையும் தூளும் வந்துவிட்டதாக அழைப்பு வந்தது. பேசி முடித்துக் கைபேசியை மாடத்தில் வைத்துவிட்டுப் போனவர், ஒரு மணி நேரம் கழித்து வந்து திறந்தார். பலகை புதிதாக இருந்தது. 512ஐக் காணவில்லை. என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "நான்தான்டா எதையோ தப்பா அழுத்திட்டேன் போலிருக்கு."

அவர் எதையும் தவறாக அழுத்தவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை மெய்ப்பிக்க என்னால் முடியவில்லை. அதை மெய்ப்பிக்க முயன்றபோது கற்றதையே இக்கட்டுரையில் கூறுகிறேன்.

சிலேட்டும் ஏடும்

கைபேசியில் எழுதுமிடங்கள் இரண்டு. ஒன்று நினைவகம். இது சிலேட்டுப் பலகை போன்றது. விரைவாக எழுதலாம், ஆனால் துடைத்தால் போயிற்று. மற்றொன்று சேமிப்பகம். இது ஏடு போன்றது. எழுதச் சற்றே நேரமாகும், ஆனால் எழுதியது நிற்கும். விளையாடும்போது பதினாறு கட்டங்களின் எண்களும் சிலேட்டில்தான் இருக்கின்றன. விளையாட்டை மூடிவிட்டால் சிலேட்டு துடைக்கப்படும். ஆகவே ஏட்டில் எப்போது எழுதுகிறோம் என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

ஆண்ட்ராய்டில் ஒரு திரை விலகும்போது நிரலுக்கு மூன்று செய்திகள் வரக்கூடும். திரை முன்னிடத்தை இழக்கையில் onPause, கண்ணுக்கு முற்றிலும் மறைகையில் onStop, திரை அடியோடு நீக்கப்படுகையில் onDestroy. "விளையாட்டு முடியும்போது எழுதினால் போதுமே" என்று எண்ணி, ஏட்டில் எழுதும் வேலையை நான் onDestroy என்பதில் வைத்திருந்தேன். அதுவே என் பிழை.

இப்பிழை எனக்கு முன்பே தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. என் பழைய கைபேசியில் இருப்பது ஆண்ட்ராய்டு 10. அதில் பின்செல் பொத்தானை அழுத்தினால் திரை நீக்கப்பட்டு onDestroy அழைக்கப்படும். பலகை ஒழுங்காகச் சேமிக்கப்பட்டது. தாயாரின் கைபேசியில் இருப்பது 2021இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12. அதில் முதல் திரையில் பின்செல் பொத்தானை அழுத்தினாலும் விளையாட்டு நீங்குவதில்லை, பின்னணிக்குத்தான் செல்கிறது. மேலும் என் தாயார் எதையும் முறைப்படி மூடுபவர் அல்லர்; திரையை அணைத்து வைத்துவிடுவார். பெரும்பாலோர் செய்வதும் அதுவே.

மூடுபவர் யார்?

பின்னணிக்குச் சென்ற விளையாட்டை மூடும் கைகள் இரண்டு. முதலாவது, நினைவகப் பற்றாக்குறை. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மதிப்பெண் இட்டு வைக்கிறது. திரையில் தெரியும் செயலிக்கு 0. சற்றுமுன் விட்டுவந்த செயலிக்கு 700. வெறுமனே சேர்த்து வைக்கப்பட்டுள்ளவற்றுக்கு 900 அல்லது அதற்கு மேல். நம் தேர்வுக்கு நேர்மாறாக, இங்கே மதிப்பெண் உயர்ந்தவரே முதலில் வெளியேற்றப்படுவார். இடம் தேவைப்பட்டதும் அந்தச் செயலி ஒரே நொடியில் நிறுத்தப்படும். "போகிறேன்" என்று சொல்லவும் அதற்கு வாய்ப்பில்லை, onDestroy அழைக்கப்படுவதுமில்லை.

இரண்டாவது, மின்கலச் சேமிப்பு. இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும. 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 உடன் வந்த ‘டோஸ்’ என்னும் உறக்கமுறை, திரை அணைந்து, கைபேசி அசையாமல், மின்னேற்றமும் இல்லாமல் கிடக்கும்போது செயலிகளின் இணையத் தொடர்பையும் பின்னணி வேலைகளையும் தள்ளிப்போடுகிறது. அது செயலியை உறங்க வைக்கிறதேயன்றிக் கொல்வதில்லை. ஆனால் கைபேசி செய்பவர்கள் பலர் இதன்மேல் தம் சொந்த மின்கலக் காப்பாளர் ஒன்றையும் வைக்கின்றனர். திரை அணைந்து சிறிது நேரமானதும் பின்னணியில் உள்ளவற்றை அது அடியோடு நிறுத்திவிடக்கூடும்.

தாயாரின் பலகையை அழித்தது இவ்விரண்டில் எது? "மூடியது யாருன்னு தெரியாம மருந்து கொடுக்காதேப்பா" என்றார் எங்கள் ஆய்வகப் பேராசிரியர். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு செயலி ஏன் நின்றது என்பதைக் கைபேசியே குறித்து வைக்கிறது என்றும், கணிப்பொறியுடன் கம்பியால் இணைத்து அதைப் படிக்கலாம் என்றும் அவரே கூறினார். கட்டளை இது:

```
adb shell dumpsys activity exit-info com.example.enkattam
```

சோதனை

தாயாரின் கைபேசி 3 கிகாபைட் நினைவகம் கொண்டது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு பலகையின் பதினாறு எண்களையும் தாளில் எழுதிக்கொண்டேன்.

முதற் சோதனையில் முகப்புப் பொத்தானை அழுத்தி, வேறெதையும் திறக்காமல் பத்து நிமிடம் கழித்து விளையாட்டுக்குத் திரும்பினேன். பலகை அப்படியே இருந்தது. ஆகவே பின்னணிக்குச் செல்வது மட்டுமே குற்றமன்று.

இரண்டாவதில் விளையாட்டை விட்டு வெளியே வந்து, நிழற்படக் கருவியைத் திறந்து ஒளிப்படம் பதிவு செய்தேன். பின் வேறு சில கனத்த செயலிகளையும் திறந்தேன். திரும்பி வந்தபோது பலகை அழிந்திருந்தது. பதிவில் இருந்தது: reason=3 (LOW_MEMORY). இது நினைவகப் பற்றாக்குறை.

மூன்றாவதுதான் தாயாரின் நிலை. வேறெதையும் திறக்காமல் திரையை அணைத்து ஒரு மணி நேரம் வைத்தேன். ஆனால் பலகை அழியவில்லை! அரை நாள் குழம்பிய பின்னரே, கைபேசி கணிப்பொறிக் கம்பியில் மின்னேறிக்கொண்டே இருந்தது என்பது புரிந்தது. மின்சாரம் வந்துகொண்டிருக்கையில் மின்கலத்தைச் சேமிக்கும் தேவை ஏது? கம்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் செய்தேன். இம்முறை பலகை அழிந்தது. கம்பியை மறுபடி இணைத்துப் பதிவைப் படித்தால், reason=10 (USER REQUESTED) என்றிருந்தது. பயனர் கேட்டுக்கொண்டபடி மூடப்பட்டதாம்! பயனர் எதையும் கேட்கவில்லை. அமைப்புகளில் நாம் கையால் அழுத்தி நிறுத்தும் அதே வழியைக் காப்பாளரும் பயன்படுத்தினால், பதிவில் அதே பெயர்தான் விழும். இச்சொற்களை மட்டும் நம்பியிருந்தால் பழி என் தாயார்மேலேயே விழுந்திருக்கும்.

ஐயம் தீர இன்னும் ஒன்று செய்தேன். அமைப்புகளில் இவ்விளையாட்டின் பக்கத்தில் Battery என்பதைத் திறந்து, Optimized என்றிருந்ததை Unrestricted என்று மாற்றினேன். மூன்றாம் சோதனையை மீண்டும் செய்தபோது பலகை நிலைத்தது. ஆனால் இதே மாற்றத்துடன் இரண்டாம் சோதனையைச் செய்தபோது பலகை முன்போலவே அழிந்தது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. அமைப்பை மாற்றுவது மின்கலக் காப்பாளரை மட்டுமே தடுக்கிறது. நினைவகப் பற்றாக்குறையைத் தடுப்பதில்லை. பிறர் எழுதிய விளையாட்டை ஆடுவோர்க்கு அம்மாற்றம் ஓரளவு உதவும். அதற்கு விலையாக மின்கலம் சற்று விரைவில் தீரக்கூடும். ஆனால் விளையாட்டை எழுதுபவன் அதை நம்பித் தப்பித்துக்கொள்ள முடியாது.

திருத்தம்

onStop முடியும்வரை ஆண்ட்ராய்டு அச்செயலியை நினைவகத்துக்காக வெளியேற்றுவதில்லை. இந்த உறுதி 2011இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து உள்ளது. ஆகவே ஏட்டில் எழுத உறுதியான கடைசி வாய்ப்பு அதுவே. என் திருத்தம் சில வரிகள்தான்:

```kotlin
override fun onStop() {
    super.onStop()
    prefs.edit()
        .putString("board", board.joinToString(","))
        .commit()
}
```

இங்கே board என்பது பதினாறு எண்களின் பட்டியல். commit என்பது ஏட்டில் எழுதி முடித்த பின்னரே திரும்பும். பதினாறு எண்கள்தாம் என்பதால் தாமதம் தெரிவதில்லை. விளையாட்டு தொடங்கும்போது, onCreate என்பதில் இதே எண்களை ஏட்டிலிருந்து படித்துப் பலகையில் வைக்க வேண்டும். அதை மறந்தால் எழுதியும் பயனில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மின்கலம் திடீரென்று தீர்ந்தாலோ, நிரலே பிழையால் முறிந்தாலோ onStop வராது. ஆகையால் ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் ஒரு முறை எழுதுமாறு செய்தேன். அங்கே, விளையாட்டைக் காக்க வைக்காமல் பின்னால் எழுதிக்கொள்ளும் apply என்பதைப் பயன்படுத்தினேன். பெரிய விளையாட்டுகளில் அனைத்தையும் நகர்வுதோறும் எழுத இயலாது; அங்கே ஒரு கட்டம் முடிந்ததும், ஒரு பொருள் கிடைத்ததும் என இடங்களைத் தேர்ந்து எழுதுவர்.

திருத்தம் சரியா என்றறிய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. விளையாட்டில் சில நகர்வுகள் செய்து, முகப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, கணிப்பொறியில் இதைக் கொடுக்கலாம்:

```
adb shell am kill com.example.enkattam
```

பின்னணியில் உள்ள செயலி உடனே நிறுத்தப்படும். மீண்டும் திறந்து, எண்களைத் தாளில் எழுதியதோடு ஒப்பிட வேண்டும். நான் பத்து முறை ஒப்பிட்டேன். பத்து முறையும் பொருந்தின. செயலி எழுதும் என் வகுப்புத் தோழர்கள், தம் படைப்பைப் பேராசிரியரிடம் காட்டுமுன் இந்த ஒரு வரியை ஓட்டிப் பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்செல் பொத்தானை அழுத்திப் பார்ப்பது மட்டும் சோதனையாகாது.

திருத்திய விளையாட்டைத் தாயாரின் கைபேசியில் ஏற்றி, காரணத்தையும் சிலேட்டையும் ஏட்டையும் வைத்தே விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப நான் அழுத்தினது இல்லையா?" என்றார். "இல்லம்மா, நான் எழுதினதுதான் தப்பு" என்றேன். அன்றிரவு அவர் மறுபடியும் இரண்டிலிருந்து தொடங்கினார். இடையில் அழைப்பு வந்தது, பேசினார், கைபேசியை மாடத்தில் வைத்துவிட்டு இலை நறுக்கப் போனார். திரும்பி வந்து திறந்தபோது, விட்ட இடத்திலேயே 128 நின்றுகொண்டிருந்தது.