நூறு மெகாபிட் இணைப்பில் ஒரு மணி நேரம் ஏன் ஆகிறது?

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்துக்கு விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அனுப்புவதற்கும் பெறுவதற்கும் ஒரே வேகம். மாணவர்கள் எடுத்த அறிவியல் காணொலிகளை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஒரு சர்வருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு கோப்பின் அளவு 1 ஜிபி, அதாவது 800 கோடி பிட். நூறு மெகாபிட் வேகத்தில் 80 விநாடியில் முடிந்திருக்க வேண்டும். முடிய ஒரு மணி நேரம் ஆனது. திரையில் தெரிந்த வேகம் 2.2 மெகாபிட்.

"லைன் சரியில்ல சார், கம்ப்ளெய்ன்ட் கொடுங்க" என்றார் எங்கள் இயற்பியல் ஆசிரியர். வேகச் சோதனைத் தளத்தைத் திறந்து காட்டினேன். 94 மெகாபிட் என்றது. "அப்போ அந்த 94 பொய்யா, இந்த 2.2 பொய்யா?" என்று கேட்டார். இரண்டும் உண்மைதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் டிசிபி பாடம் நடத்தும் நண்பர்களுக்கு இது நேரடியாக உதவும். தூரம், நேரம், வேகம் நடத்தும் நடுநிலை வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு விளையாட்டு இதில் இருக்கிறது.

முதலில் தூரத்தை அளந்தோம். அதற்கு ஒரு கட்டளை போதும். கீழே உள்ள முகவரி வெறும் மாதிரி. உங்கள் சர்வரின் முகவரியை அங்கே இடுங்கள்.

```
ping -c 10 203.0.113.10
```

ஒரு சிறு செய்தி அங்கே போய், பதில் திரும்பி வரும் நேரத்தை இது மில்லி விநாடியில் காட்டும். எங்களுக்கு 240 வந்தது. கிட்டத்தட்ட கால் விநாடி. பக்கத்து நகரத்தில் உள்ள சர்வருக்கு இதே கட்டளை 8 காட்டியது.

இந்த 240 யாருடைய குறையும் அல்ல. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். வெற்றிடத்தில் செல்வதில் மூன்றில் இரண்டு பங்கு. சென்னையிலிருந்து வர்ஜீனியாவுக்கு நேர்த் தூரம் சுமார் 13,700 கிலோமீட்டர். போய்வர 27,400. நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் 137 மில்லி விநாடிக்குக் குறைய வழியில்லை. கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. கரையோரமாக வளைந்து, பல நாடுகளில் கரையேறி இறங்குகின்றன. வழியில் உள்ள கருவிகளும் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆக 240 நியாயமான எண்தான். இயற்பியல் ஆசிரியர் இந்த இடத்தில் தலையாட்டிவிட்டார். "சரி, முதல் பிட் கால் விநாடி தாமதமா போகட்டும். அதுக்குப் பின்னாடி வர்றது ஏன் மெதுவாகணும்? குழாயில தண்ணி வர நேரமாகும், வந்துட்டா வேகமாத்தானே கொட்டும்?" என்றார்.

நல்ல கேள்வி. குழாய்க்கும் டிசிபிக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது. குழாயில் தண்ணீரை விட்டவர் அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதில்லை. டிசிபி கேட்கும். அனுப்பிய ஒவ்வொரு பகுதிக்கும் மறுமுனையிலிருந்து "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புகை வர வேண்டும். ஒப்புகை வராமலே எவ்வளவு தரவை வெளியே விட்டுவைக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்புக்குத்தான் விண்டோ என்று பெயர். வரம்பு தீர்ந்துவிட்டால், லைன் காலியாகக் கிடந்தாலும் அனுப்புபவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இதை எட்டாம் வகுப்பில் நோட்டுப் புத்தகங்களை வைத்து விளையாடிக் காட்டினேன். நாற்பது மாணவர்களை இருபது இருபதாக இரண்டு வரிசையில் நிறுத்தினேன். முதல் வரிசை நோட்டைக் கைக்குக் கை கடத்தும். நோட்டு கடைசியில் நிற்பவரிடம் சேர்ந்ததும், அவர் ஒரு துண்டுச் சீட்டை இரண்டாம் வரிசை வழியாகத் திருப்பி அனுப்புவார். நான் விநாடிக்கு ஒருமுறை மேசையைத் தட்டுவேன். தட்டும்போது மட்டும் கையில் இருப்பதை அடுத்தவரிடம் கொடுக்கலாம். ஆக நோட்டு போக 20 விநாடி, சீட்டு வர 20 விநாடி. போய்வர 40.

முதல் ஆட்டத்தின் விதி: சீட்டு வராமல் நான்கு நோட்டுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மேசைக்காரர் நான்கு நோட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றார். வரிசையில் பதினாறு பேர் வெறும் கையோடு நின்றார்கள். நாற்பதாவது தட்டில்தான் முதல் சீட்டு வந்தது. நாற்பது விநாடிக்கு நான்கே நோட்டு. வரிசையோ விநாடிக்கு ஒன்று கடத்தக்கூடியது. அதாவது நாற்பது போயிருக்கலாம். "சார், நாங்க ரெடியாத்தான் இருக்கோம், அவன் குடுக்க மாட்டேங்கிறான்" என்று நடுவில் நின்ற ஒரு மாணவி கத்தினாள். பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இரண்டாம் ஆட்டத்தில் விதியை மாற்றவில்லை, வரிசையைச் சுருக்கினேன். வரிசைக்கு இரண்டு பேர் மட்டும். போய்வர நான்கு விநாடி. நான்காவது நோட்டு கொடுத்து முடிக்கும்போது முதல் சீட்டு வந்துவிட்டது. மேசைக்காரருக்கு ஓய்வே இல்லை. அதே நான்கு நோட்டு விதி, ஆனால் முழு வேகம். வேகச் சோதனைத் தளம் 94 காட்டியதன் காரணமும் இதுதான். அது பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. போதாததற்கு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கிறது. தூர தேசத்துக்கு ஒற்றைக் கோப்பு எப்படிப் போகும் என்பதை அது சொல்லாது.

மூன்றாம் ஆட்டத்தில் மறுபடி நீண்ட வரிசை, ஆனால் நாற்பது நோட்டு வரை அனுமதி. இருபது பேர் கையிலும் நோட்டு, எதிர் வரிசையில் இருபது சீட்டு. எங்கும் இடைவெளி இல்லை. தூரம் அப்படியே இருக்க, வேகம் பத்து மடங்கு.

இப்போது எங்கள் கோப்புக்கு வருவோம். சூத்திரம் ஒன்றே ஒன்று:

வேகம் = விண்டோ ÷ போய்வரும் நேரம்

விண்டோ 65,535 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 0.24 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 2,73,000 பைட் சொச்சம். எட்டால் பெருக்கினால் 2.18 மெகாபிட். திரையில் பார்த்த அதே எண். 1 ஜிபிக்கு 61 நிமிடம். லைனை நிரப்ப எவ்வளவு விண்டோ தேவை என்று திருப்பிக் கேட்டால், 100 மெகாபிட் × 0.24 விநாடி = 24 மெகாபிட், அதாவது 30 லட்சம் பைட். எங்களிடம் இருந்தது அதில் நாற்பத்தாறில் ஒரு பங்கு. இணைப்பை 1,000 மெகாபிட்டாக உயர்த்திப் பணம் கட்டியிருந்தாலும் இதே 2.2 தான் வந்திருக்கும். சூத்திரத்தில் லைனின் வேகம் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

65,535 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1981-இல் டிசிபி விதிகள் வெளியானபோது, விண்டோவைக் குறிக்க 16 பிட் ஒதுக்கினார்கள். பதினாறு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது. அன்றைய லைன்களுக்கு அது தாராளம். 1992-இல் ஒரு திருத்தம் வந்தது: இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் ஒரு பெருக்கு எண்ணைச் சொல்லிக்கொண்டால், அதே பதினாறு பிட்டில் ஏறத்தாழ 1 ஜிபி வரையிலான விண்டோவைக் குறிக்கலாம். இன்றைய இயங்குதளங்கள் எல்லாம் இதைச் செய்கின்றன. தேவைக்கேற்ப விண்டோவைத் தாமாகவே பெரிதாக்கியும் கொள்கின்றன.

பிறகு ஏன் எங்களுக்கு மட்டும்? பெறுபவரின் விண்டோ மட்டும் வரம்பு அல்ல. அனுப்புபவர், ஒப்புகை வரும்வரை ஒவ்வொரு பைட்டின் நகலையும் தன் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டுமே. அந்த இடம் சிறிதானால் அதுவும் விண்டோவைச் சுருக்கியதாகவே முடியும். இரண்டில் எது சிறியதோ அதுவே ஆளும். எது என்று கண்டுபிடிக்க லினக்ஸ் கணினியில், கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே இதை இட்டோம்:

```
ss -ti dst 203.0.113.10
```

நீளமான விடை வரும், மிரள வேண்டாம். `wscale` என்று இருந்தால் பெருக்கு எண் பேசப்பட்டிருக்கிறது. `rwnd_limited` அதிக விழுக்காடு காட்டினால் தடை பெறுபவரிடம். `sndbuf_limited` அதிகம் காட்டினால் தடை நம் பக்கத்தில். எங்களுக்குப் பின்னதுதான் வந்தது. அனுப்பப் பயன்படுத்திய சிறிய பைதான் நிரலைத் திறந்து பார்த்தோம். பல ஆண்டுகளுக்கு முன் எவரோ எழுதியது. அதில் இந்த வரி இருந்தது:

```python
sock.setsockopt(socket.SOL_SOCKET, socket.SO_SNDBUF, 65536)
```

"எனக்கு 64 கேபி இடம் போதும்" என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் வரி இது. இப்படிச் சொல்லிவிட்டால் லினக்ஸ் தானாகப் பெரிதாக்குவதை நிறுத்திவிடும். ஒரே வளாகத்துக்குள் கோப்பு அனுப்பியவரைக்கும் இதனால் எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்காது. வரியை நீக்கினோம். அடுத்த கோப்பு ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

நிரலைத் தொட முடியாத இடத்தில் வேறு வழி உண்டு. நான்கு கோப்புகளை நான்கு தனி இணைப்புகளில் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் தனி விண்டோ என்பதால் மொத்த வேகம் நான்கு மடங்காகும். இது மருந்து மட்டுமல்ல, சோதனையும்கூட. நான்கு சேர்ந்தும் மொத்த வேகம் கூடவில்லை என்றால் லைனோ வழியோ உண்மையிலேயே நிரம்பியிருக்கிறது. அப்போது இயற்பியல் ஆசிரியர் சொன்னபடி புகார் கொடுக்கலாம். இன்னோர் அடையாளமும் உண்டு. விண்டோதான் தடை என்றால் வேகம் பகலிலும் நள்ளிரவிலும் ஒரே மாதிரி, வரைபடத்தில் தட்டையான கோடாக இருக்கும். நெரிசல் என்றால் கோடு ஏறி இறங்கும்; மாலையில் மோசமாகி விடியற்காலையில் சரியாகும்.

விண்டோவைப் பெரிதாக்கியும் தீராதவை சில உண்டு. டிசிபி தொடக்கத்திலேயே முழு விண்டோவையும் கொட்டுவதில்லை. பதினான்கு கேபி அளவில் தொடங்கி, ஒவ்வொரு போய்வரலுக்கும் இரட்டிப்பாக்கும். 30 லட்சம் பைட்டை எட்ட எட்டு இரட்டிப்புகள். கால் விநாடி வீதம் இரண்டு விநாடி. 1 ஜிபி கோப்புக்கு இது பொருட்டே அல்ல. ஆனால் 100 கேபி படம் ஒன்று, வேகம் பிடிக்கும் முன்பே முடிந்துவிடும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். மீண்டும் ஏறுவதும் போய்வரும் நேரத்தின் கணக்கில்தான். பக்கத்து நகரத்துக்கு அனுப்பும்போது கண்ணுக்கே தெரியாத இழப்பு, வர்ஜீனியாவுக்கு அனுப்பும்போது பல விநாடிகளைத் தின்றுவிடும். எட்டாம் வகுப்பு விளையாட்டில் ஒருவர் நோட்டைக் கீழே போட்டால் என்ன செய்வது என்று மாணவர்களே கேட்பார்கள். அந்த விதியை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் வந்த முதல் யோசனை, "கொஞ்ச நேரம் மெதுவா குடுக்கலாம் சார்" என்பது.