'தேர்வாகவில்லை' என்ற மெயிலுக்கு எழுதும் பதில்

படிப்பு முடித்து முதல் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு, ஆள் எடுக்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். அண்மையில் என் தங்கை மகனுக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை கிடைக்காமல் போனது. அதையொட்டி அவனிடம் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். மெயிலையே ஃபார்வர்ட் செய்யுங்கள்.

அவன் லேப்டாப் திரையை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "வருந்துகிறோம்" என்ற வரி பளிச்சென்று தெரிந்தது. அனுப்பியவர் முகவரி மேலே வெட்டுப்பட்டிருந்தது, கடைசிப் பத்தி கீழே போயிருந்தது. பதில் எழுதலாமா, யாருக்கு எழுதலாம் என்பதெல்லாம் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கும். முழு மெயிலை வாங்கிப் பார்த்தபோது கீழே, "ஆறு மாதத்துக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. 'இல்லை' என்று படித்த இடத்திலேயே நின்றுவிட்டதால் அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்தப் படத்தை நண்பர்கள் குரூப்பிலோ சமூக வலைத்தளத்திலோ போடுவதும் வேண்டாம். அதில் உங்கள் விண்ணப்ப எண், மெயில் முகவரி, மனிதவள அலுவலரின் பெயர், சிலசமயம் அவருடைய கைபேசி எண்கூட இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "அதே கம்பெனியில் இடம் இருக்கிறது, முன்பணம் கட்டினால் போதும்" என்று கூப்பிடும் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள்.

2. எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று பாருங்கள்.

முகவரி no-reply என்று தொடங்கினால் அது மென்பொருள் தானாக அனுப்பியது. அதற்குப் பதில் போட்டால் படிக்க ஆள் கிடையாது. ரெஸ்யூமே அளவிலோ ஆன்லைன் தேர்விலோ நின்றிருந்தால் கருத்துக் கேட்டும் பெரிய பயன் இருக்காது. உங்களை நேரில் பார்த்துப் பேசிய ஒருவர் அங்கே இல்லை. சொல்வதற்கு அவர்களிடம் மதிப்பெண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. அடுத்த விண்ணப்பத்தைப் பாருங்கள்.

நேர்காணல் வரை போயிருந்தால் கதை வேறு. அரை மணி நேரம் உங்களிடம் பேசியவர் ஏதாவது குறித்து வைத்திருப்பார். நிராகரிப்பு மெயில் தானியங்கியாக வந்திருந்தாலும், நேர்காணலுக்கு நேரம் சொல்லி அழைத்த மெயில் ஒரு மனிதரிடமிருந்து வந்திருக்கும். அந்தப் பழைய மெயிலுக்கே பதில் எழுதுங்கள். பொருள் வரியை மாற்ற வேண்டாம். முந்தைய பேச்சு கீழே தொடர்ந்து இருந்தால், தினமும் பலருக்கு எழுதும் அந்த அலுவலருக்கு நீங்கள் யார் என்று தேட வேண்டியிருக்காது.

3. 'ஏன் எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். எதைச் சரிசெய்யலாம் என்று கேளுங்கள்.

இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. தங்கை மகன் முதலில் எழுதிய வரைவு ஒரு பக்கம் நீண்டது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னதாகவும், வீட்டு நிலைமை இப்படி என்றும், மறுபரிசீலனை செய்யும்படியும் எழுதி, என்ன காரணத்துக்காக நிராகரித்தீர்கள் என்று முடித்திருந்தான். அவன் மனது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அதை வேறு மாதிரிப் படிப்பார். காரணத்தை எழுத்தில் கொடுத்தால் அது வாதத்துக்கோ புகாருக்கோ இழுத்துப் போகும் என்று நிறுவனங்கள் தயங்கும். சில இடங்களில் காரணம் சொல்லவே கூடாது என்று விதி உண்டு. அதுவும் போக, பல நேரம் 'காரணம்' என்று ஒன்று இருக்காது. இரண்டே இடம், மூன்று பேர் நன்றாகச் செய்தார்கள் என்றால் மூன்றாமவரிடம் குறையென்று எதைச் சொல்வது?

முடிவைத் தொடாமல், உங்கள் திறமையில் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் கேட்டால் அந்தத் தயக்கம் குறையும். அதையும் குறிப்பாகக் கேட்க வேண்டும். அவனிடம், "நேர்காணலில் எங்கே தடுமாறினாய்?" என்று கேட்டேன். 18 முதல் 60 வரை வயதை ஏற்கும் ஒரு கட்டத்துக்கு டெஸ்ட் கேஸ் எழுதச் சொன்னார்களாம். 25, 40 என்று எழுதினானாம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்களாம். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

4. ஐந்தாறு வாக்கியம் போதும்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போனது. அதன் பொருளை இங்கே தமிழில் தருகிறேன்:

"வணக்கம். முடிவைத் தெரிவித்தமைக்கு நன்றி. டெஸ்டிங் பணிக்கான தொழில்நுட்ப நேர்காணலில் நேரம் ஒதுக்கிப் பேசியவருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். உங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறேன். வயதுக் கட்டத்துக்கு டெஸ்ட் கேஸ் எழுதும் கேள்வியில் என் பதில் போதவில்லை என்று நினைக்கிறேன். அதில் நான் எதை விட்டேன் என்று, முடிந்தால், ஓரிரு வரியில் தெரிவித்தால் கற்றுக்கொள்ள உதவும். நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை."

கீழே பெயர், விண்ணப்ப எண், கைபேசி எண். அவ்வளவுதான். 'முடிவை ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். இவர் சண்டைக்கு வரவில்லை என்று படிப்பவருக்கு அதிலிருந்துதான் தெரியும். கோபத்தில் இருக்கும் அன்று எழுதி, மறுநாள் காலை ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள். அதற்குமேல் தள்ளிப் போட்டால் நேர்காணல் செய்தவருக்கே உங்களை நினைவிருக்காது.

5. ஒருமுறை நினைவூட்டலாம். அதோடு நிறுத்துங்கள்.

ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து அதே தொடரில் ஒரு வரி எழுதலாம். கைபேசியில் கூப்பிடுவது, நேர்காணல் செய்தவரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடிப்பது, அவருடைய மேலதிகாரிக்கு நகல் போடுவது எல்லாம் வேண்டாம். பெரும்பாலான மெயில்களுக்குப் பதில் வராது; அதை உங்களைப் பற்றிய மதிப்பீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்தார்" என்று மட்டும் வந்தால் அதுவும் அச்சடித்த வாக்கியமே. அதற்குள் பொருள் தேட வேண்டாம்.

6. பதில் வந்தால் வாதாடாதீர்கள்.

அவனுக்கு நான்காம் நாள் இரண்டு வரி வந்தது. உள்ளே இருக்கும் மதிப்புகளை மட்டும் சோதித்ததாகவும், எல்லையில் உள்ள 18, 60, அவற்றை ஒட்டிய 17, 61 ஆகியவற்றை விட்டதாகவும், காலியாக விடுவது, எழுத்தை உள்ளிடுவது போன்றவற்றையும் யோசிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மென்பொருளில் பிழைகள் எல்லையில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். 'விடப் பெரியது அல்லது சமம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'விடப் பெரியது' என்று ஒருவர் எழுதிவிட்டால் 25 சரியாகவே ஓடும், 18-இல்தான் பிசகும். அதனால்தான் அந்தக் கேள்வியை வைக்கிறார்கள்.

"இது எனக்குத் தெரியும், அன்று பதற்றம்" என்று பதில் எழுதக் கை துறுதுறுக்கும். எழுத வேண்டாம். நன்றி சொல்லி, அதைப் பயின்று வருவதாக ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த மெயில் தொடரை அழிக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது, முன்பு நேர்காணலுக்கு வந்ததையும், அவர்கள் சொன்ன பகுதியில் அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதையும் முகப்புக் கடிதத்தில் இரண்டு வாக்கியமாக எழுதலாம். அவன் இப்போது தான் பயன்படுத்தும் ஒரு ரயில் முன்பதிவுப் படிவத்துக்கு டெஸ்ட் கேஸ்களை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கோப்பையும் விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.